பழுப்பு இலையைப் பிடுங்காதீர்கள்

ஈப்போ புந்தோங்கில் இருக்கும் என் அத்தை வீட்டு மாமரத்தில் ஒரு மான்கொம்புச் செடி தொங்குகிறது. மலாய்ப் பெயரால் தண்டுக் ரூசா என்றால் பலருக்கும் சட்டெனத் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயன் வீட்டுக்கு முன்னால் இருந்த ரம்புத்தான் மரத்தில் வளர்ந்தது அது. தோட்டத்தை விட்டு வெளியேறும்போது தாத்தா அதை மரப்பட்டையோடு பெயர்த்தெடுத்து, கட்டில், அம்மி, சாமி படங்களோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இப்போது அந்த இடத்தில் லயன் இல்லை, ரம்புத்தான் இல்லை, பால்மரமும் இல்லை. எல்லாம் செம்பனை. அங்கிருந்து வந்தவற்றில் இன்னும் உயிரோடு இருப்பது இந்தச் செடி மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அதிலிருந்து ஒரு கன்றை அத்தை எனக்கு வெட்டிக் கொடுத்தார். நான் அதை அழகான பலகையில் கட்டி, வரவேற்பறைச் சுவரில் மாட்டி, நாலே மாதத்தில் கொன்றுவிட்டேன். பிறகு இரண்டாவது கன்று வாங்கினேன். அது பிழைத்துக்கொண்டது. முதலாவது ஏன் செத்தது, இரண்டாவது ஏன் பிழைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் இப்படி ஒரு செடி வைத்திருப்பவர்களுக்கும், வாரச் சந்தையில் பார்த்து வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவலாம்.

இரண்டு வகை இலை, இரண்டு வேலை

மான்கொம்பு ஒரு பெரணி. மண்ணில் வளராது. மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வாழும். ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல. மரம் அதற்கு வெறும் இருக்கை. தண்ணீரும் உரமும் அதுவே தேடிக்கொள்ள வேண்டும். அதற்காகவே அதற்கு இரண்டு வகை இலைகள் இருக்கின்றன.

ஒன்று, நாம் ரசிக்கும் கொம்பு இலை. கிளை கிளையாகப் பிரிந்து தொங்குவது. வெயிலைப் பிடித்து உணவு தயாரிப்பதும், வித்துகளை உண்டாக்குவதும் அதன் வேலை. இன்னொன்று, அடியில் மரத்தை அணைத்தபடி இருக்கும் அகலமான இலை. இதைக் கேடய இலை என்று சொல்லலாம். இது பச்சையாகப் பிறந்து, மரத்தோடு ஒட்டிப் படர்ந்து, சில மாதங்களில் பழுப்பாகிக் காய்ந்த காகிதம் போல ஆகிவிடும். காய்ந்த பிறகும் விழாது. அதன் மேல் அடுத்த கேடயம் படரும், அதன் மேல் இன்னொன்று.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தப் பழுப்பு இலைகளை எல்லாம் உரித்து எடுத்துவிட்டேன். பிறகு அத்தையிடம் பெருமையாகப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அடப்பாவி, அதை ஏன்டா பிடுங்கின? அதுதான் அதோட வயிறு!”

அத்தை சொன்னது உண்மை. பழைய கேடயங்களுக்கு நடுவில்தான் வேர்கள் ஓடுகின்றன. மேலிருந்து விழும் சருகும் தூசியும் அந்த அடுக்குகளில் சிக்கி மக்கி உரமாகின்றன. மழை நீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். தொட்டி, மண், உரம், தண்ணீர்ச் சட்டி எல்லாம் சேர்ந்த ஒன்றைத்தான் நான் குப்பையில் போட்டேன். கேடய இலை பழுப்பானால் அது நோய் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

அதே போலப் பலரும் பயப்படும் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. கொம்பு இலைமேல் வெள்ளை மாவு போல ஒன்று படிந்திருக்கும். அது பூஞ்சை அல்ல, ஈரம் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் மெல்லிய ரோமம். துணியால் துடைத்தால் போய்விடும், திரும்ப வராது. இலையின் அடிப்பக்கத்தில் காப்பித்தூள் அப்பியது போலத் திட்டு வந்தால், அது வித்து. நம் நாட்டுக் காடுகளில் வளரும் மான்கொம்பில் அந்த வித்துத் திட்டு தனியாக அரைவட்டக் கிண்ணம் போன்ற ஒரு மடலில் இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நர்சரிகளில் விற்கப்படும் வகையில் அது கொம்பின் நுனியில் இருக்கும். எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க இதுவே எளிய வழி.

உருவத்தைப் பார்த்தால் தண்ணீர் தெரியும்

நம் பேராவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பள்ளிப் பாடத்திலேயே வரும். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் மிஞ்சிய ஒரு கிழமரம் இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் வெட்டும் முறையைக் கண்டுபிடித்தார். நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் கத்தி எடுத்ததற்குப் பின்னால் இவர் இருக்கிறார்.

பலருக்குத் தெரியாத விஷயம், இதே ரிட்லியின் பெயரில் ஒரு மான்கொம்பும் இருக்கிறது. ரிட்லி மான்கொம்பு மலாயாக் காடுகளில் உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளில் வளர்வது. அதன் கேடய இலைகள் கிளையைச் சுற்றிக் கோஸ் போல இறுக மூடிக்கொள்ளும். உள்ளே எறும்புகள் குடியிருக்கும். கொம்பு இலைகள் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும்.

அத்தை வீட்டு மான்கொம்பு வேறு மாதிரி. அதன் கேடய இலைகள் மேல்பக்கம் விரிந்து கூடை போலத் திறந்திருக்கும். மழை பெய்தால் அதற்குள் இறங்கும், சருகு விழுந்தால் தங்கும். கொம்புகள் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாகத் தொங்கும். கிரீடம் போல இருப்பதால் அதன் அறிவியல் பெயரிலும் கிரீடம் இருக்கிறது.

மூன்றாவதாகப் பறவைக்கூட்டுப் பெரணி. மலாய்க்காரர்கள் பாக்கு லங்சுயார் என்பார்கள். லங்சுயார் என்ற பெண் பேய் அதில் தங்கும் என்பது பழைய நம்பிக்கை. தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனால், தண்ணீர்மேல் கிளை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் இதை நிறையப் பார்க்கலாம். நீண்ட பச்சை இலைகள் வட்டமாக விரிந்து நடுவில் ஒரு குழி. அந்தக் குழிதான் அதன் கூடை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நினைத்துப் பாருங்கள். திறந்த கூடையும் குழியும் மேலிருந்து தண்ணீர் வாங்கப் பிறந்தவை. மூடிய கோஸ் அதிகத் தண்ணீரை உள்ளே விட விரும்பாதது. ரிட்லி மான்கொம்பை வாளியில் ஊற வைத்தால் உள்ளே ஈரம் தங்கி அழுகிவிடும். அத்தை வீட்டு மான்கொம்பை மேலே லேசாகத் தெளித்து மட்டும் வளர்த்தால் காய்ந்துவிடும். யாராவது “வாரம் ரெண்டு தடவை ஊத்துங்க” என்று பொதுவாகச் சொன்னால், முதலில் உங்கள் செடியின் உருவத்தைப் பாருங்கள். இனி நான் சொல்வது திறந்த கூடை வகைக்கும், நர்சரியில் கிடைக்கும் ஆஸ்திரேலிய வகைக்கும் பொருந்தும். பறவைக்கூட்டுக்கு உள்ள வித்தியாசத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பலகையில்தான் பாதி விஷயம்

முதல் கன்றுக்கு நான் தேர்ந்தெடுத்தது ரப்பர் மரப் பலகை. தாத்தா பால் வெட்டிய மரத்திலேயே தாத்தாவின் செடி என்று உருகிப் போனேன். ஆனால் வெட்டிய ரப்பர் மரம் வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குத்தான் நல்லது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். மூன்றாம் மாதமே என் பலகையின் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பிளைவூட் இன்னும் மோசம், ஏடு ஏடாகப் பிரியும். பச்சை சாயம் ஏறியது போன்ற மருந்தூட்டிய பலகையும் வேண்டாம். அந்த மருந்தில் செம்பு இருக்கும். பெரணிகளுக்குச் செம்பு ஆகாது.

இரண்டாவது முறை, உடைத்த பழைய பலகை வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு செங்கால் பலகை வாங்கினேன். 45 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 2 கனம். செங்கால் மழையில் வருடக்கணக்கில் கிடந்தாலும் உளுக்காது. கனம்தான் அதிகம், வெறும் பலகையே 2.9 கிலோ. அதற்கேற்ற கொக்கியைச் சுவரில் அடிக்க வேண்டும். அளவுக்கு ஒரு கணக்கு: செடியின் கேடயத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கட்டும். கேடயம் படர்ந்து பலகையின் விளிம்பைத் தாண்டினால் திரும்பவும் கழற்றி மாட்ட வேண்டிவரும்.

பலகைக்குப் பதிலாகக் காய்ந்து விழுந்த கிளையின் தடித்த பட்டையையும் பயன்படுத்தலாம். சொரசொரப்பாக இருப்பதால் வேர் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் விரலால் அழுத்திப் பாருங்கள். பொடிந்தால் அது ஒரு வருடம்கூடத் தாங்காது.

கட்டும் நாள்

நேரம் முக்கியம். பேராவில் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் குறையும். நான் இரண்டாவது கன்றை அக்டோபர் தொடக்கத்தில் கட்டினேன். காற்றே ஈரமாக இருப்பதால், வேர் பிடிக்கும்வரை செடி வாடாமல் இருந்தது.

கன்று பிரிக்கும்போது அத்தை அவசரப்படவில்லை. அதற்கென்று சொந்தமாக இரண்டு கேடய இலையும் நாலைந்து கொம்புகளும் வந்து, உள்ளங்கையை விடப் பெரிதான பிறகுதான் வெட்டினார். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, கன்றின் கேடயத்தைச் சுற்றி வட்டமாக ஆழமாக இறக்கி, பின்னால் இருக்கும் பழுப்பு அடுக்கும் வேரும் இரண்டு விரல் கனத்துக்குச் சேர்ந்து வரும்படி நெம்பி எடுத்தார். வேரில்லாமல் இலையை மட்டும் உரித்தால் பிழைக்காது.

வேருக்கு மெத்தையாக நான் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்தினேன். மட்டையைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி மூன்று நாள் தண்ணீரில் ஊற வைத்து, தினமும் அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மட்டையில் உள்ள உப்பும் துவர்ப்பும் போய்விடும். கடைகளில் விற்கும் காய்ந்த பாசி நல்லதுதான், ஆனால் அது குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் பொருள். நம் ஊர் மழையில் அது மட்டும் இருந்தால் காயவே காயாது. என் முதல் கன்று பாசிக்குள்தான் அழுகியது. இப்போது மூன்று பங்கு மட்டைக்கு ஒரு பங்கு பாசி, சில கரித்துண்டுகள் என்று கலக்கிறேன்.

பலகையின் நடுவில், செடியை விடச் சற்றுப் பெரிய வட்டமாக ஆறு எவர்சில்வர் திருகாணிகளைப் பாதி வரை முடுக்கினேன். கலவையை வட்டத்துக்குள் மேடாகக் குவித்து, அதன்மேல் செடியை வைத்தேன். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். கொம்புகளும் கேடயங்களும் ஒன்றாகப் புறப்படும் இடத்தில் ஒரு சின்னக் குருத்து இருக்கும். பூனையின் மூக்கு அளவுதான். செடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அது வெளியே பார்த்தபடி, காற்று படும்படி இருக்க வேண்டும். மட்டை அதன்மேல் ஏறக்கூடாது. மரத்தில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் பலகையிலும் மேலே வரட்டும். கூடை தலைகீழானால் தண்ணீர் தங்காது.

பிறகு தடித்த தூண்டில் நரம்பை ஒரு திருகாணியில் முடிந்து, எதிர்த் திருகாணிக்கு இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். நரம்பு பழுப்புக் கேடயத்தின்மேல் மட்டுமே போக வேண்டும். குருத்தின்மேலோ புது இலையின்மேலோ போகக்கூடாது. முதல் தடவை நான் செம்புக் கம்பி போட்டேன், அதுவும் சரியாகக் குருத்தின்மேல். இன்னும் என்ன சொல்ல! கட்டி முடித்ததும் பலகையைத் தூக்கி லேசாக ஆட்டிப் பாருங்கள். செடி அசையக்கூடாது. அசைந்தால் புது வேர்கள் முளைக்க முளைக்க அறுந்துபோகும்.

ஆறு வாரம் வரை உரம் எதுவும் கொடுக்கவில்லை. ஏழாவது வாரத்தில் குருத்துப் பக்கத்தில் பச்சைப் பொத்தான் போல ஒன்று தெரிந்தது. அது விரிந்து, நரம்பையும் மட்டையையும் மூடியபடி பலகையை அணைக்கத் தொடங்கியது. புதுக் கேடயம்! செடி பலகையை ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதுதான் அடையாளம். ஆசையாகத் தொட்டுப் பார்க்காதீர்கள். இந்தப் பருவத்தில் விரல் பட்ட இடம் கறுத்து நின்றுவிடும்.

எடை பார்த்துத் தண்ணீர்

மரத்திலிருக்கும் செடிக்கு மழை தண்ணீர் ஊற்றுகிறது. பலகையிலிருக்கும் செடிக்கு நாம்தான் மழை. முதல் கன்று விஷயத்தில் நான் தினமும் ஸ்ப்ரே அடித்தேன். காலை வானொலி நிகழ்ச்சிக்காக விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவதால், இரவு படுக்கப் போகும்போதுதான் அடிக்க முடியும். ஸ்ப்ரே இலையை நனைக்கும், உள்ளே வேருக்குப் போகாது. ஆனால் குருத்து மட்டும் காற்றோட்டமில்லாத அறையில் இரவு முழுக்க ஈரமாகவே இருந்தது. ஆக, வேர் தாகத்திலும் குருத்து ஈரத்திலும் ஒரே சமயத்தில் சாகத் தொடங்கின. கடைசியில் கழற்றிப் பார்த்தபோது மேல்பாசி சொதசொதவென்றும், பலகையை ஒட்டிய பாகம் காய்ந்தும் கிடந்தது. குருத்து கறுத்து, தொட்டதும் கையோடு வந்தது.

இப்போது பலகையை வெளியே கார் நிறுத்தும் கூரையின் ஓரத்தில் மாட்டியிருக்கிறேன். காலை வெயில் சாய்வாக ஒரு மணி நேரம் படும், உச்சி வெயில் படாது. தண்ணீர் ஊற்றும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்வதில்லை, எடை பார்த்து முடிவு செய்கிறேன். விமானப் பயணத்துக்குப் பெட்டி தூக்கிப் பார்க்கும் சின்னக் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது.

செய்தது இவ்வளவுதான். ஒரு பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, செடியின் பின்பக்கம் மூழ்கும்படி பலகையை 15 நிமிடம் ஊற வைத்தேன். எடுத்து அரைமணி நேரம் வடிய விட்டு எடை போட்டேன். 4.6 கிலோ. பிறகு தினமும் போட்டேன். எடை 3.7 கிலோவுக்கு இறங்கிய நாளில் கொம்பு நுனிகள் கொஞ்சம் துவண்டு, பளபளப்பு குறைந்தன. அப்படியானால் அதற்குக் கொஞ்சம் முன்பே, 3.9 வந்ததும் ஊற வைக்க வேண்டும். அக்டோபரில் இந்த எடைக்கு இறங்க எட்டு நாள் ஆனது. அடுத்த ஜூலையில் நாலே நாள். ஒரே செடி, ஒரே இடம், ஆனால் பாதி நாள்! “வாரம் ஒரு தடவை” என்று நான் பிடிவாதமாக இருந்திருந்தால் ஜூலையில் மூன்று நாள் தாகத்தில் விட்டிருப்பேன்.

உங்கள் பலகைக்கு எண்கள் வேறாக இருக்கும். ஊற வைத்த எடை ஒன்று, இலை முதன்முதலில் துவளும் எடை ஒன்று, இந்த இரண்டையும் ஒரே ஒரு முறை கண்டுபிடித்துப் பலகையின் பின்னால் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் போனால் தராசுகூட வேண்டாம், கையால் தூக்கினாலே தெரியும். என் மனைவி இப்போது பலகையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, “நாளைக்கு” என்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எண்களைத் திருத்துங்கள், செடி வளர வளர அதன் எடையும் கூடும்.

ஊற வைக்கும் வேலையை வார விடுமுறைக் காலையிலோ, பின்மதியத்திலோ வைத்துக்கொள்கிறேன். இரவுக்குள் இலையும் குருத்தும் உலர்ந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் வாளியைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். செடி வளர்த்து டிங்கி வாங்க வேண்டாம்.

உரத்துக்கு, இலைக்குத் தெளிக்கும் கரையும் உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்கு மட்டும் எடுத்து, மாதம் ஒருமுறை ஊறும் தண்ணீரில் கலக்கிறேன். கேடயத்துக்குள் வாழைப்பழத் தோல் சொருகும் பழக்கம் பலரிடம் உண்டு. மரத்தில் வெளியே இருக்கும் பெரிய செடிக்குக் கெடுதல் இல்லை. வீட்டை ஒட்டிய சின்னப் பலகையில் செய்தால் கரப்பானும் பழ ஈயும்தான் முதலில் வரும்.

பறவைக்கூடு என்றால்

பறவைக்கூட்டுப் பெரணியில் கேடய இலை கிடையாது. அதன் வயிறு அடியில் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் பஞ்சு போலத் திரண்ட வேர்ப்பந்து அது. அதைக் கழுவி மண்ணை எடுக்கிறேன் என்று வேரை மெலிய வைத்துவிடாதீர்கள். தொட்டியில் வாங்கியதாக இருந்தால், உதிரும் மண்ணை மட்டும் தட்டிவிட்டு மீதியை அப்படியே வைத்துக் கட்டலாம்.

இதைச் சுவரில் படம் மாட்டுவது போல நேராக மாட்டினால் குழி பக்கவாட்டில் திரும்பி, தண்ணீர் தங்காது. செடி திரும்பவும் மேல் நோக்கி வளையப் பார்க்கும், ஒரு பக்கம் கோணலாகும். அதனால் பலகையின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னத் தட்டு போல மரத்துண்டு அடித்து, வேர்ப்பந்தை அதன்மேல் உட்கார வைத்து, குழி மேலே பார்க்கும்படி கட்ட வேண்டும். தடித்த மரப்பட்டை, அதுவும் கொஞ்சம் குழிந்த பட்டை, இதற்குப் பலகையை விட வசதி.

வெளியே காற்றோட்டத்தில் இருந்தால் குழியின் மேலேயே தண்ணீர் ஊற்றலாம், இயற்கை அப்படித்தான் ஊற்றுகிறது. வீட்டுக்குள் வைத்தால் குழியில் ஊற்றாதீர்கள், நடுக்குருத்து அழுகிவிடும். வேர்ப்பந்தை மட்டும் நனையுங்கள். குழியில் விழும் காய்ந்த சருகு அதன் உணவு, விட்டுவிடுங்கள். உர உருண்டைகளை மட்டும் அங்கே போடாதீர்கள், இளங்குருத்து கருகும்.

கறுப்பா, பழுப்பா?

எந்த வகையாக இருந்தாலும், செடிக்கு என்ன குறை என்பதை இரண்டு நிறங்கள் சொல்லிவிடும். கொம்பின் நுனி பழுப்பாகி மொறுமொறுவென்று இருந்தால் தாகம். அடிப்பக்கம் கறுத்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் ஈரம் அதிகம். தாகத்தைச் சரிசெய்வது சுலபம். ஒருமுறை நன்றாக ஊற வைத்தால் இரண்டு நாளில் இலை நிமிரும். கறுப்புக்கு அவசரம் வேண்டும். அழுகிய பாகத்தைச் சுத்தமான கத்தியால் எடுத்துவிட்டு, பலகையைக் காற்று படும் இடத்துக்கு மாற்றி, எடை நன்றாக இறங்கும்வரை தண்ணீரே காட்டாமல் இருக்க வேண்டும். கறுப்பு குருத்தை எட்டிவிட்டால் அந்தக் குருத்து திரும்ப வராது. பக்கத்தில் கன்று ஏதாவது இருந்தால் அதைக் காப்பாற்றப் பாருங்கள்.

செடிக்கு எங்கே போவது? அனுமதியில்லாமல் வனக்காப்பகத்திலிருந்து எடுப்பது குற்றம். அதோடு உயரத்திலிருந்து பிய்த்தெடுத்த பெரிய செடிகள் பெரும்பாலும் பலகையில் பிழைப்பதில்லை. நர்சரிச் செடி போதும். இன்னொரு வழியும் உண்டு. செம்பனை மரங்களைச் சுமார் 25 வருடத்தில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்தத் தண்டுகளின் மட்டை இடுக்குகளில் பறவைக்கூடு நிறைய வளர்ந்திருக்கும். சாய்த்தால் அவ்வளவும் வெயிலில் காய்ந்து வீண். தோட்ட நிர்வாகத்திடமோ, சிறுதோட்டக்காரரிடமோ கேட்டுவிட்டு, கையளவு இளஞ்செடிகளை வேர்ப்பந்தோடு எடுத்து வரலாம்.

அதை விட நல்ல இடம், தோட்டத்திலிருந்து வந்த உங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கொல்லை. அங்கே ஒரு மான்கொம்பு தொங்கினால், எந்தத் தோட்டம், எந்த மரம், யார் கொண்டுவந்தது என்று கேட்டுப் பாருங்கள். கன்று கிடைக்கும், அதோடு கதையும் கிடைக்கும்.

போன மாதம் என் பலகையின் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கன்று எட்டிப் பார்த்தது. படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். “இன்னும் ரெண்டு கேடயம் வரட்டும். அதுவரைக்கும் கத்தியை எடுக்காதே” என்று பதில் வந்தது. அது தன் வயிற்றை நிரப்பிக்கொள்ள இன்னும் ஒரு வருடமாவது ஆகும். செங்கால் பலகை மட்டும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.